2035ஐச் சொல்லாத திருத்தம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நம் பத்திரிகைகளில் பிழைக்குத் திருத்தம் போட ஒரு பழகிப்போன வாக்கியம் உண்டு. 'இன்னது என்பதை இன்னது என்று திருத்தி வாசிக்கவும்.' எழுத்துப் பிழை, பெயர்க் குழப்பம், தேதி மாறியது ஆகிய எல்லாவற்றுக்கும் இது போதும். அறிக்கைகளைச் செப்பனிடுவது என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்குத் திருத்த அறிவிப்பு எழுதப் பழக்கும்போது, இந்த வாக்கியம் கைகொடுக்காத ஒரு பிழையைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, அதாவது ஐ.பி.சி.சி., 2007ல் வெளியிட்ட அறிக்கையில் இருந்த 'இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும்' என்ற பொருள்பட்ட வரிதான் அது. அந்தப் பிழைக்கு இரண்டு அமைப்புகள் தனித்தனியாகத் திருத்தம் வெளியிட்டன. ஒன்று வாசிப்பவருக்கு உதவியது. மற்றது அவ்வளவாக உதவவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படாததால் யார் பெயரையும் சொல்லவில்லை.

## பின்னணி: ஒரு பத்தி

ஐ.பி.சி.சி.யின் நான்காம் மதிப்பீட்டு அறிக்கை 2007ல் வந்தது. அதில் காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளைப் பேசும் இரண்டாம் பணிக்குழுவின் தொகுதி மட்டும் 938 பக்கம். ஆசியாவுக்கான பத்தாம் அத்தியாயத்தில், 493ஆம் பக்கத்தில், 10.6.2 என்ற பிரிவு இமயமலைப் பனியாறுகளைப் பற்றியது.

அந்தப் பிரிவின் இரண்டாம் பத்தி மூன்று செய்திகளைச் சொன்னது. இமயமலைப் பனியாறுகள் உலகின் வேறெந்தப் பகுதியையும்விட வேகமாகப் பின்வாங்குகின்றன. இதே வேகம் தொடர்ந்தால் 2035க்குள், ஒருவேளை அதற்கும் முன்பே, அவை மறைந்துபோக வாய்ப்பு மிக அதிகம். அவற்றின் மொத்தப் பரப்பு இப்போதைய 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 2035க்குள் 1,00,000 சதுர கிலோமீட்டராகச் சுருங்கக்கூடும். மேற்கோளாகக் காட்டியது, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான உலக இயற்கை நிதியத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கையை.

இந்த மூன்று வாக்கியங்களையும் நிதானமாகப் படித்தால், பனியாறு பற்றி எதுவும் தெரியாதவருக்கும் ஏதோ இடறும். 2035க்குள் மறைந்துவிடும் என்றால், அதே 2035ல் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் எப்படி மிஞ்சும்? அதைவிட வேடிக்கை முந்தைய பத்தியில் இருக்கிறது. இமயமலைப் பனியாறுகளின் பரப்பு சுமார் 30 லட்சம் ஹெக்டேர் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு ஹெக்டேர். ஆகவே 30 லட்சம் ஹெக்டேர் என்பது 30,000 சதுர கிலோமீட்டர். ஒரு பத்தியில் 30,000 ஆக இருந்தது அடுத்த பத்தியில் 5,00,000 ஆகிவிட்டது. சுருங்கிய பிறகு மிஞ்சுவதாகச் சொன்ன பரப்பே மொத்தப் பரப்பைப்போல மூன்று மடங்குக்கு மேல். அலகு ஹெக்டேரிலிருந்து சதுர கிலோமீட்டருக்கு மாறியதால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

## அந்த எண் வந்த வழி

யுனெஸ்கோவுக்காக ரஷ்யப் பனியாற்று அறிஞர் ஒருவர் தொகுத்த அறிக்கை 1996ல் வந்தது. துருவங்களுக்கு வெளியே பூமியில் உள்ள எல்லாப் பனியாறுகளையும் சேர்த்து, அவற்றின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்று அதில் ஒரு மதிப்பீடு இருந்தது. அதற்குச் சொன்ன ஆண்டு 2350. கூடவே, அந்தக் காலத்திலும் பனியாறு எஞ்சியிருக்கும் இடங்களின் பட்டியல் ஒன்றும் இருந்தது. அந்தப் பட்டியலில் காரகோரமும் இமயமலையும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திருத்தம் எழுதும் இடத்தில் தேவைப்படும்.

1999 ஏப்ரலில் 'டவுன் டு எர்த்' இதழில் வந்த கட்டுரையில் 5,00,000, 1,00,000 என்ற எண்கள் இமயமலைக்கு உரியவையாக மாறியிருந்தன. ஆண்டும் 2035 ஆகியிருந்தது. அதே ஆண்டு ஜூன் 5ஆம் தேதி 'நியூ சயின்டிஸ்ட்' இதழில் ஓர் இந்தியப் பனியாற்று ஆய்வாளரின் பேட்டியோடு, பனியாறுகள் நாற்பது ஆண்டுகளுக்குள் மறையும் என்ற செய்தி வந்தது. உலக இயற்கை நிதியம் 2005ல் இவற்றை எடுத்துக்கொண்டு, 2035 என்பது பனி பற்றிய பன்னாட்டு ஆணையத்தின் இமயமலைப் பணிக்குழு 1999ல் தந்த அறிக்கையில் இருப்பதாக எழுதியது. அந்தப் பணிக்குழுவின் அறிக்கையில் அப்படி ஓர் ஆண்டே இல்லை. ஆக, பத்திரிகையில் வந்த பேச்சு நிதியத்தின் கையில் அறிவியல் குழுவின் முடிவாகி, அங்கிருந்து ஐ.பி.சி.சி.யின் பக்கத்துக்கு ஏறிவிட்டது.

ஏறும்போது அதன் எடையும் கூடியது. ஐ.பி.சி.சி. நடையில் 'மிகவும் சாத்தியம்' என்பது அலங்காரச் சொல் இல்லை, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிகழ்தகவுக்கு அவர்கள் வைத்திருக்கும் குறியீடு. பத்திரிகைக் கட்டுரையில் சாதாரணப் பேச்சாக இருந்த 'வாய்ப்பு மிக அதிகம்' இங்கே அந்தக் குறியீட்டின் சாயலைப் பெற்றுவிட்டது.

## கேட்டவர்கள் இருந்தார்கள்

வரைவு சுற்றுக்குப் போனபோது யாருமே கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. மதிப்பாய்வுக் கருத்துகள் பொதுவில் இருக்கின்றன. மறைவதையும் சுருங்குவதையும் பற்றிய இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று ஒரு மதிப்பாய்வாளர் எழுதினார். இது மிக முக்கியமான கூற்று, இதன் உறுதி எவ்வளவு என்ற பொருளில் ஜப்பான் அரசு கேட்டது. 2035 மாறாமல் அச்சுக்குப் போனது.

திருத்தம் எழுதுகிறவருக்கு இது முக்கியம். தெரியாமல் நேர்ந்ததும், கேட்ட பிறகும் விட்டதும் ஒன்றில்லை. முதல் வகைக்கு 'கவனக்குறைவால்' என்று எழுதலாம். இரண்டாவதற்கு அப்படி எழுதினால், பிறகு கருத்துப் பட்டியலை ஒருவர் எடுத்துக் காட்டும்போது திருத்தத்துக்கே திருத்தம் போட வேண்டிவரும்.

## பிழை வெளியே வந்தது

2009 நவம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விவாதக் கட்டுரை வெளியிட்டது. இமயமலைப் பனியாறுகள் அசாதாரண வேகத்தில் பின்வாங்குவதற்குச் சான்று இல்லை என்றது அது. ஐ.பி.சி.சி.யின் தலைமை அதைக் கடுமையான சொற்களால் ஒதுக்கித் தள்ளியது. டிசம்பரில், கனடாவில் பணிபுரியும் ஒரு பேராசிரியர் 1996 அறிக்கையைத் தேடிப் பிடித்து, 2350 என்ற எண்ணைக் காட்டினார். 2010 ஜனவரி நடுவில் பிரிட்டன் நாளிதழ்களில் விவகாரம் தலைப்புச் செய்தியானது.

ஜனவரி 29 தேதியிட்ட 'சயின்ஸ்' இதழில் நான்கு பனியாற்று அறிஞர்கள் எழுதிய கடிதம் அச்சானது. 2035 என்ற கூற்று மெய்யாக வேண்டுமானால், 1999க்குப் பிறகான இழப்பு 1960 முதல் 1999 வரை நடந்ததைப்போல 25 மடங்கு வேகமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். எண் எங்கிருந்து வந்தது என்ற தடயத்தையும் வரிசையாகக் கொடுத்தார்கள். ஒரு நல்ல திருத்தத்துக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் அந்தச் சின்னக் கடிதத்தில் இருந்தது.

## ஜனவரி 20 அறிவிப்பு

ஐ.பி.சி.சி. தன் அறிவிப்பை 2010 ஜனவரி 20ஆம் தேதி வெளியிட்டது. ஒரு பக்கம்கூட நிரம்பாத அறிவிப்பு. அதன் வரிசையைப் பார்த்தாலே எழுதியவர்களுக்கு எதில் கவலை என்று புரியும்.

முதலில், நான்காம் மதிப்பீட்டின் எல்லாத் தொகுதிகளையும் சுருக்கிச் சொல்லும் தொகுப்பறிக்கையிலிருந்து ஒரு நீண்ட மேற்கோள். மலைப்பனியும் பனியாறுகளும் நன்னீருக்கு எவ்வளவு தேவை, இந்த நூற்றாண்டில் அவற்றின் இழப்பு வேகமெடுக்கும் என்ற முடிவு அது. அடுத்த வாக்கியம், அந்த முடிவு உறுதியானது, பொருத்தமானது, அறிவியலோடு முழுக்க ஒத்துப்போவது என்கிறது. அதற்குப் பிறகுதான் விஷயம் வருகிறது. 938 பக்கத் தொகுதியில் ஒரு பத்தி, இமயமலைப் பனியாறுகளின் பின்வாங்கும் வேகம் பற்றியும் மறையும் காலம் பற்றியும் போதிய ஆதாரம் இல்லாத மதிப்பீடுகளைக் குறிப்பிடுவதாக அண்மையில் கவனத்துக்கு வந்தது என்கிறார்கள். நெறிமுறைகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை, அதற்கு வருந்துகிறோம் என்கிறார்கள். எந்தப் பத்தி என்பது அடிக்குறிப்பில் இருக்கிறது. அதன் ஒரு பகுதி அதே தொகுதியின் தொழில்நுட்பச் சுருக்கத்திலும் இடம்பெற்றிருப்பதை அதே அடிக்குறிப்பு ஒப்புக்கொள்கிறது.

அறிவிப்பு முழுவதிலும் 2035 என்ற எண் இல்லை. சரியானது எது என்பதும் இல்லை.

எடுத்த முடிவுகளுக்குக் காரணம் இல்லாமல் இருக்காது. நான் அந்த அறையில் இல்லை, ஆகவே இது ஊகம்தான். கோபன்ஹேகன் காலநிலை மாநாடு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானதால் எழுந்த சண்டை அடங்கவில்லை. 'ஐ.பி.சி.சி. தவறை ஒப்புக்கொண்டது' என்ற தலைப்பு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துப்போகும் என்ற பயம் இருந்திருக்கும். அதனால்தான் முதலில் காப்பு, பிறகு ஒப்புதல். தப்பான எண்ணைத் திரும்ப அச்சிட்டால் அது இன்னும் பரவும் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். என் அனுபவத்தில் எல்லா அலுவலகத்திலும் இந்த வாதம் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண் ஏற்கெனவே பரவியிருந்தது. அதை நம்பியவருக்கு, தான் நம்பியது தப்பு என்று தெரிய வேண்டுமானால் எண்ணைப் பார்த்தாக வேண்டும்.

'போதிய ஆதாரம் இல்லாத' என்ற சொல்லும் இங்கே பொருந்தவில்லை. ஆதாரம் போதாத கூற்று நாளைக்கு ஆதாரம் கிடைத்து உண்மையாகலாம். இது அப்படியில்லை, தப்பு. துருவம் தவிர்த்த உலகம் முழுவதுக்குமான பரப்பை இமயமலையின் பரப்பு என்று எழுதியதற்கு எந்த ஆதாரமும் பின்னால் வந்து சேரப்போவதில்லை.

## அதே பிழைக்கு இன்னொரு திருத்தம்

உலக இயற்கை நிதியமும் தன் 2005 அறிக்கைக்குத் திருத்தம் வெளியிட்டது. தனியாக எங்கோ போடாமல் அறிக்கையின் முகப்பிலேயே சேர்த்தார்கள். அதைத் திறக்கிறவர் திருத்தத்தைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும்.

29ஆம் பக்கத்தில் இந்த வாக்கியம் இருந்தது என்று சொல்லி, 2035 உட்பட அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டார்கள். நல்லெண்ணத்தோடு பயன்படுத்தியதுதான், ஆனால் அது தவறு என்று இப்போது தெளிவாகிவிட்டது, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார்கள். அடுத்ததாக, இதே கருத்து மூன்றாம் பக்கத்துச் சுருக்கத்திலும் வேறு சொற்களில் வந்திருக்கிறது என்று 'நாற்பது ஆண்டுகளுக்குள்' என்ற வரியையும் எடுத்துக்காட்டி, அதையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார்கள். கடைசியில் ஒரு வரி வருத்தம்.

எனக்கு இதில் பிடித்தது அந்த மூன்றாம் பக்கம்தான். 2035 என்று தேடினால் அந்த வரி சிக்காது, ஏனென்றால் அங்கே ஆண்டு இல்லை. யாரோ உட்கார்ந்து அறிக்கையை முதலிலிருந்து படித்து, அதே பிழை வேறு உருவில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. பொருட்படுத்த வேண்டாம் என்றார்களே தவிர, அதன் இடத்தில் எதை வைத்துக்கொள்வது என்று சொல்லவில்லை. ஆனாலும் வாசிப்பவர் வெறுங்கையோடு போகவில்லை. எந்த வாக்கியத்தை விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

## பின்விளைவு

ஐ.பி.சி.சி. அறிவிப்பு வந்த பிறகும் செய்தி ஓயவில்லை. அறிவிப்பு சொல்லாத எண்ணைப் பத்திரிகைகள் அவரவர் பாணியில் எழுதின. 2350ஐ 2035 என்று மாற்றி அடித்துவிட்டார்கள் என்ற விளக்கம்தான் அதிகம் பரவியது. எளிதில் சொல்லிவிடலாம், கேட்டதும் புரிந்துவிடும். பாதி உண்மையும் இருக்கிறது.

பிப்ரவரியில் அதே தொகுதியில் இன்னொரு பிழை கிளம்பியது. நெதர்லாந்தின் 55 விழுக்காடு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று ஐரோப்பிய அத்தியாயத்தில் இருந்தது. தகவலைக் கொடுத்த நெதர்லாந்து சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனமே திருத்தம் எழுதியது. எழுதியிருக்க வேண்டியது இது: நாட்டின் 55 விழுக்காடு வெள்ள அபாயத்தில் இருக்கிறது, அதில் 26 விழுக்காடு கடல் மட்டத்துக்குக் கீழே, 29 விழுக்காடு ஆற்று வெள்ளத்துக்கு ஆளாகக்கூடியது. எண் சரிதான், அதன்மேல் ஒட்டிய பெயர்தான் தப்பு என்பது ஒரே வாக்கியத்தில் புரிந்துவிடுகிறது. இரண்டையும் கூட்டினால் 55 வருகிறது என்பதால் சரிபார்க்கவும் முடிகிறது.

2010 மார்ச்சில் ஐ.நா.வும் ஐ.பி.சி.சி.யும் கேட்டுக்கொண்டதன்பேரில், பல நாட்டு அறிவியல் கழகங்களின் கூட்டவையான இன்டர்அகாடமி கவுன்சில் ஒரு மறுஆய்வை நடத்தி ஆகஸ்ட் 30ஆம் தேதி அறிக்கை தந்தது. பிழைகள் தெரியவந்தபோது ஐ.பி.சி.சி. மெதுவாகவும் போதாமலும் பதிலளித்தது என்பது அவர்கள் சுட்டியவற்றில் ஒன்று. 2011 மே மாதம் அபுதாபியில் கூடிய ஐ.பி.சி.சி., பிழைகளைக் கையாள ஒரு நடைமுறையை ஏற்றுக்கொண்டது. அதில் ஒரு வரையறை என் வேலைக்கும் ஒத்துவருகிறது. எழுதிய காலத்தில் கையில் இருந்த தகவலைக் கொண்டே தவிர்த்திருக்கக்கூடியதுதான் பிழை. பின்னால் வந்த புதிய ஆய்வால் ஓர் எண் மாறினால் அது பிழையில் சேராது, அதற்குத் திருத்தமும் கிடையாது. அறிஞர்களுக்குள் கருத்து வேறுபடுவதும் பிழை இல்லை. 2035 இந்த வரையறைக்குள் கச்சிதமாக விழுகிறது. 1996 அறிக்கை அப்போதே இருந்தது, 30 லட்சம் ஹெக்டேர் என்ற எண் அதே பக்கத்திலேயே இருந்தது.

## 'சரி' எது என்ற சிக்கல்

புதியவர்களிடம் இந்தப் பத்தியைக் கொடுத்துத் திருத்தம் எழுதச் சொன்னால் பெரும்பாலும் வருவது இதுதான்: '2035 என்பதை 2350 என்று திருத்தி வாசிக்கவும்.'

அப்படித் திருத்திப் படித்துப் பாருங்கள். இமயமலைப் பனியாறுகள் 2350க்குள் மறைந்துவிட வாய்ப்பு மிக அதிகம் என்று வரும். 1996 அறிக்கையோ 2350லும் இமயமலையில் பனியாறு எஞ்சியிருக்கும் என்கிறது. இலக்கங்களை மட்டும் இடம் மாற்றினால் பழைய பிழை போய்ப் புதுப் பிழை உட்காரும். பரப்பும் அதே 5,00,000 ஆகவே நிற்கும். வேறெந்தப் பகுதியையும்விட வேகம் என்ற முதல் வாக்கியத்தை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

இங்கே மாற்றிப் போட ஒரு சரியான ஆண்டே கிடையாது. அதனால் 'சரி' என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கூற்று வர வேண்டும். எது தெரியும், எதைச் சொல்லச் சான்று இல்லை என்று பிரித்துச் சொல்லும் கூற்று.

அதே பிரிவில் எண்ணை மாற்றினால் போதும் என்ற வகைப் பிழையும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வசதி. அந்தப் பத்தி சுட்டும் 10.9ஆம் அட்டவணையில் பிண்டாரிப் பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியதாகவும், சராசரி ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்றும் இருக்கிறது. மற்ற வரிகளில் உள்ள சராசரிகள் 5.1 முதல் 36.1 வரைதான், இது மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. 1845லிருந்து 1966 வரை 121 ஆண்டு. 2,840ஐ 121ஆல் வகுத்தால் 23.5 வரும். 21ஆல் வகுத்தால் 135.2. நூறு ஆண்டைக் கணக்கில் விட்டுவிட்டார்கள். இதற்கு 'திருத்தி வாசிக்கவும்' போதும்.

ஜனவரி 20 அறிவிப்பு வேகம் பற்றிய மதிப்பீடுகளை ஒரு சொல்லில் தொட்டதே ஒழிய, இந்த எண்ணைச் சொல்லவில்லை. பத்தியில் பிழை என்று தெரிந்த அன்றே பத்தி கைகாட்டும் அட்டவணையையும் கணிப்பானோடு உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஒன்பது வரிதான்.

## மறுபடி எழுதினால்

பயிற்சிக்காக நான் எழுதிவைத்திருக்கும் வரைவு இது. ஐ.பி.சி.சி. வெளியிட்டது இல்லை.

> திருத்தம்
>
> இடம்: நான்காம் மதிப்பீட்டு அறிக்கை (2007), இரண்டாம் பணிக்குழுத் தொகுதி, பிரிவு 10.6.2, இரண்டாம் பத்தி, பக்கம் 493. இதன் ஒரு பகுதி தொழில்நுட்பச் சுருக்கத்தின் 6ஆம் பெட்டியிலும் உள்ளது.
>
> தவறாக வெளியானது: இமயமலைப் பனியாறுகள் உலகின் வேறெந்தப் பகுதியையும்விட வேகமாகப் பின்வாங்குகின்றன என்றும், 2035க்குள் மறைந்துவிட வாய்ப்பு மிக அதிகம் என்றும், அவற்றின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்றும் எழுதியிருந்தோம். இந்த மூன்று கூற்றுகளும் தவறு. இவற்றை மேற்கோள் காட்ட வேண்டாம்.
>
> சரியானது: இமயமலைப் பனியாறுகள் பல இடங்களில் பின்வாங்கி வருகின்றன. ஆனால் மற்ற மலைத்தொடர்களைவிட வேகமாக என்று சொல்லச் சான்று இல்லை. சில பத்தாண்டுகளில் அவை மறையும் என்பதற்கும் சான்று இல்லை. மறையும் ஆண்டு என்று எதையும் இந்த அறிக்கை இப்போது தரவில்லை. அவற்றின் பரப்பு, இதே பிரிவின் முதல் பத்தியில் உள்ளபடி, சுமார் 30 லட்சம் ஹெக்டேர் (30,000 சதுர கிலோமீட்டர்). 5,00,000 என்பது துருவங்களுக்கு வெளியே உலகில் உள்ள எல்லாப் பனியாறுகளுக்குமான மதிப்பீடு.
>
> அட்டவணை 10.9: பிண்டாரிப் பனியாற்றின் சராசரிப் பின்வாங்கல் 'ஆண்டுக்கு 135.2 மீட்டர்' என்பதை 'ஆண்டுக்கு 23.5 மீட்டர்' என்று திருத்தி வாசிக்கவும்.
>
> எப்படி நேர்ந்தது: மூல ஆய்வைப் பார்க்காமல், அதைத் தவறாக எடுத்தாண்ட இரண்டாம் நிலை அறிக்கையை மேற்கோள் காட்டினோம். வரைவு நிலையில் மதிப்பாய்வாளர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு உரிய கவனம் தரவில்லை. வருந்துகிறோம்.
>
> எதைப் பாதிக்காது: கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்திலும் தொகுப்பறிக்கையிலும் இந்தக் கூற்றுகள் இல்லை. அவற்றில் மாற்றம் இல்லை.

இதில் எனக்கே அதிகம் வேலை வைத்தது கடைசிப் பகுதி. முதல் வரைவில் 'அறிக்கையின் முடிவுகள் உறுதியாக இருக்கின்றன' என்று எழுதியிருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். முடிவு உறுதியா என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கட்டும். தவறான வாக்கியம் எந்தெந்தத் தொகுப்புகளில் இல்லை என்பது யாரும் திறந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செய்தி, அதை மட்டும் வைத்துக்கொண்டேன். இடத்தையும் கடைசிக்குத் தள்ளினேன். ஐ.பி.சி.சி. அறிவிப்பில் இதுதான் முதலில் வந்தது.

'எப்படி நேர்ந்தது' பகுதியில் 'தட்டச்சுப் பிழை' என்று எழுதும் ஆசை வரும். 2035க்கும் 2350க்கும் உள்ள ஒற்றுமை அப்படி இழுக்கும். இலக்கம் யார் கையில், எந்தக் கட்டத்தில் மாறியது என்பதை எழுதுகிறவர் நேரில் கண்டதில்லை. மூலத்தைப் பார்க்காமல் இரண்டாம் நிலை அறிக்கையை நம்பியது மட்டும் பக்கத்திலேயே மேற்கோளாக அச்சாகியிருக்கிறது. அதை எழுதலாம்.

'பிண்டாரி' வரியைத் தனியாக நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. அதை மேலே உள்ள பத்தியோடு சேர்த்தால், வாசிப்பவர் 2035ஐயும் இதே மாதிரி எண் மாற்றமாக எடுத்துக்கொள்வார். ஒரு மாணவி இதைப் படித்துவிட்டு, "அப்போ மேலே இருக்கிறதுக்கும் ஒரு எண்ணைக் கொடுத்துடலாமே, சார், காலியா விட்டா ஏதோ மறைக்கிற மாதிரி இருக்கே" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் 'மறையும் ஆண்டு என்று எதையும் இந்த அறிக்கை இப்போது தரவில்லை' என்ற வாக்கியத்தைச் சேர்த்தேன்.